தன்னைத் தாக்காத குருதி

குருதி தானம் செய்தோர் வைத்திருக்கும் சிறிய அட்டையிலே ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கு பிரிவுகளுள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். நமது பிரிவு யாதென்பதை நம்மிற் பலர் அறிவோம். ஆயின் அந்தச் சிறு குறிப்பினுள் மறைந்து கிடக்கும் ஒரு பெரும் புதிரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவ்வாரம் அப்புதிரை எடுத்துக்கொள்வோம்.

1901 ஆம் ஆண்டில், வியன்னா நகரிலே கார்ள் லான்ட்ஸ்ரைனர் என்னும் மருத்துவ அறிஞர் தம்முடன் பணிபுரிந்தோரின் குருதியைச் சிறிதளவு பெற்று, செங்குழியங்களை வேறாகவும் தெளிந்த நீரை வேறாகவும் பிரித்தார். பின்பு ஒருவருடைய செங்குழியங்களை மற்றொருவருடைய தெளிந்த நீருடன் கலந்து நோக்கினார். சில கலவைகளிற் செங்குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன; சிலவற்றில் அவ்வாறு நிகழவில்லை. அவர் கண்ட ஒழுங்கிலிருந்தே குருதிப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஏ பிரிவினரின் குருதி நீரிலே பி செங்குழியங்களைத் திரளச் செய்யும் பிறபொருளெதிரி உண்டு. பி பிரிவினரிடம் ஏ-க்கு எதிரானது உண்டு. ஓ பிரிவினரிடம் இரண்டும் உண்டு. ஏபி பிரிவினரிடம் இரண்டும் இல்லை. சுருங்கக் கூறின், தன்னிடம் இல்லாத பொருளுக்கு எதிரி உண்டு. தன்னிடம் உள்ள பொருளுக்கு எதிரி இல்லை.

ஏ, பி என்னும் இவ்விரு பொருள்களுக்குமுள்ள வேறுபாடு பெரிதோவெனின், அன்று. இரண்டும் செங்குழியத்தின் மேற்பரப்பில் நிற்கும் வெல்லச் சங்கிலிகளே. நுனியிலுள்ள ஒரு வெல்ல மூலக்கூற்றில், ஓரிடத்திலே ஒரு சிறிய அணுக்கூட்டம் மாறியிருப்பதே வேறுபாடு. பி பிரிவுக் குருதியை ஒருபோதும் ஏற்றிராத ஏ பிரிவினரிடமும் பி-க்கு எதிரி இருப்பது எவ்வாறு? நமது குடலில் வாழும் பற்றீரியாக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் ஏ, பி பொருள்களை ஒத்த வெல்லங்கள் உள்ளன. பிறந்து சில மாதங்களானதும் அவற்றைக் கண்டே குழந்தையின் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கத் தொடங்குகின்றது. அங்ஙனமாயின் ஏ பிரிவுக் குழந்தை, ஏ-யை ஒத்த பற்றீரிய வெல்லங்களையும் காண்கின்றதன்றோ? அவற்றுக்கு எதிராக அது ஏன் ஒன்றும் ஆக்குவதில்லை? இதுவே புதிர்.

குலுக்கலில் பிறக்கும் எதிரி

உடலுக்குத் தன் பகைவர் யாவரென முன்னரே தெரியும் என்றும், அவர்க்கு ஏற்ற ஆயுதங்களை மட்டும் அது வடிக்கின்றது என்றும் பலர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. பிறபொருளெதிரிகளை ஆக்குவன பி-கலங்கள் எனப்படும் வெண்கலங்கள். குருதிப் பிரிவுப் பெயரிலுள்ள பி வேறு, இந்தப் பி வேறு. கோழியின் வாற்புறத்திலுள்ள 'பேர்சா' என்னும் பையை இளமையில் நீக்கிவிட்டால் அக்கோழி பிறபொருளெதிரிகளை ஆக்காது என 1956 இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்பையின் முதலெழுத்தே இக்கலங்களுக்குப் பெயராயிற்று. மனிதரில் அப்பை இல்லை. நம் பி-கலங்கள் என்பு மச்சையிற் பிறக்கின்றன.

ஒவ்வொரு பி-கலமும் தன் மேற்பரப்பில் ஒரே வகையான வாங்கியைத் தாங்கி நிற்கும். அவ்வாங்கியே பின்னர்ப் பிறபொருளெதிரியாகக் குருதியிற் சுரக்கப்படுவது. அதனைப் பூட்டாகக் கொள்வோமாயின், அதிற் பொருந்தும் பொருளைத் திறப்பு எனலாம். எந்தப் பூட்டைச் செய்வது என்பதை எந்தப் பகைவனும் வந்து சொல்வதில்லை. அது குலுக்கலில் அமைகின்றது.

என்பு மச்சையிலுள்ள மூலக்கலத்திலிருந்து பிரிந்து, பி-கலமாகும் வழியிற் புகுந்த இளங்கலம், முதலில் வாங்கியின் பாரச் சங்கிலியை அமைக்கின்றது. அதற்குரிய பரம்பரையலகு முழுமையாகக் கிடைப்பதில்லை, துண்டுகளாகக் கிடக்கின்றது. மனிதரிற் பயன்படத்தக்க துண்டுகள் முதல் வகையில் 40 அளவிலும், இரண்டாம் வகையில் 23 அளவிலும், மூன்றாம் வகையில் 6-ம் உள்ளன. ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுக்கப்பட்டு, இடையிலுள்ளவை வெட்டி நீக்கப்பட்டு, மூன்றும் பொருத்தப்படுகின்றன. நாற்பதை இருபத்து மூன்றாலும் ஆறாலும் பெருக்க 5,520 வகைகள் வரும். இலேசான சங்கிலிக்கு இவ்வாறே ஏறக்குறைய 320 வகைகள் உண்டு. இரண்டையும் பெருக்கின் 17 இலட்சத்துக்கு மேலாகும். பொருத்துமிடங்களில் எழுத்துகள் சில கழிக்கப்படுவதாலும் புதியன சில சேர்க்கப்படுவதாலும் உண்மை எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு பெரிதாகும். பரம்பரையலகுகள் இவ்வாறு வெட்டி ஒட்டப்படுவதை 1976 இல் வெளியிட்ட சுசுமு தொனெகாவா என்னும் யப்பானிய அறிஞர் 1987 இல் நோபல் பரிசு பெற்றார்.

பொருத்தும் வேலையில் தோல்விகள் மிகுதி. பரம்பரை எழுத்துகள் மூன்று மூன்றாகவே வாசிக்கப்படும். இணைப்பிலே ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் அதற்கப்பாலுள்ள வாசகம் முழுவதும் பொருளற்றுப்போம். ஆகவே மூன்றில் ஒருமுறையே இணைப்புச் சரியாக அமையும். ஒன்பது கலங்களை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பெற்றோரிடமிருந்து வந்த நிறமூர்த்தத்தில் முயன்று மூன்று கலங்கள் வெற்றி பெறும். எஞ்சிய ஆறும் மற்றப் பெற்றோரின் நிறமூர்த்தத்தில் முயலும். அவற்றுள் இரண்டு வெற்றி பெறும். இறுதியில் ஐந்து தேறும், நான்கு மடியும்.

தேறிய கலம் அடுத்த பருவத்தை எய்துகின்றது. இலேசான சங்கிலி இன்னும் அமையாத காரணத்தால், அதற்குப் பதிலியாக ஒரு மாற்றுச் சங்கிலியைச் சேர்த்துப் பாரச் சங்கிலி ஒழுங்காக மடிந்து நிற்கின்றதா எனச் சோதிக்கப்படும். நின்றால் அக்கலம் பலமுறை பிரிந்து பெருகும். பிறந்த கலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே இலேசான சங்கிலியைத் தெரிந்து பொருத்தும். அவ்வாறு முழு வாங்கியையும் மேற்பரப்பில் முதன்முறை ஏந்தி நிற்கும் கலமே முதிராப் பி-கலம் எனப்படும்.

இதுவரை நடந்த சோதனைகள் யாவும் பூட்டு ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பதையே கேட்டன. எதற்குப் பொருந்தும் பூட்டு என்று எவரும் கேட்கவில்லை. குலுக்கலில் வந்தது ஆதலின், அது ஒரு கிருமிக்கும் பொருந்தலாம். நம் சொந்தச் செங்குழியத்துக்கும் பொருந்தலாம். தன்னுடலுக்குப் பொருந்தும் வாங்கிகள் பிறவாமல் தடுக்க வழியே இல்லை. பிறந்த பின்பு அவற்றை என்செய்வது என்பதே உடலின் கேள்வி.

திருத்தம், மரணம், மௌனம்

முதிராப் பருவத்திலே பி-கலத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. முதிர்ந்த பி-கலத்தின் வாங்கியில் ஒரு பொருள் பொருந்தினால், தக்க துணையுடன் அது விழித்துப் பெருகும். முதிராக் கலத்திலோ அதே பொருத்தம் எச்சரிக்கையாக முடிகின்றது. அது பிறந்த இடமாகிய என்பு மச்சையில் அதனைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் தன்னுடற் பொருள்களே. செங்குழியங்களும் அங்கேயே பிறக்கின்றன. ஆகவே அவ்விடத்தில், அப்பருவத்தில் வாங்கியை இறுகப் பற்றுவது எதுவாயினும் அது 'நமது' என்றே கொள்ளப்படும்.

ஏ பிரிவுக் குழந்தையின் மச்சையில் ஏ-க்குப் பொருந்தும் வாங்கியுடன் ஒரு கலம் பிறந்ததாகக் கொள்வோம். அயலிலே ஏ வெல்லங்கள் நெருங்கி நிற்கின்றன. வாங்கிகள் பல ஒருங்கே பற்றப்படுகின்றன. அக்கலம் உடனே கொல்லப்படுவதில்லை. அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டு, பரம்பரையலகுகளை வெட்டும் நொதியங்கள் மீண்டும் செயற்படுகின்றன. பொருத்திய இலேசான சங்கிலி கைவிடப்பட்டு, எஞ்சியுள்ள துண்டுகளிலிருந்து வேறொன்று பொருத்தப்படுகின்றது. பாரச் சங்கிலி அதுவே. துணை மட்டும் புதிது. புதிய சோடி ஏ-யைப் பற்றாதாயின் கலம் விடுதலை பெறும். பற்றுமாயின் இன்னொருமுறை முயலும். ஒரு நிறமூர்த்தத்தில் துண்டுகள் தீர்ந்தால் மற்றதில் முயலும். அதுவும் தீர்ந்தால் இலேசான சங்கிலியின் இரண்டாம் குடும்பத்துக்குச் செல்லும். இதனை வாங்கித் திருத்தம் என்பர். 1993 இல் இரு ஆய்வுக் குழுவினர் சுண்டெலிகளில் இதனைக் காட்டினர். திருத்தியும் பயன் காணாத கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. அதனைத் தெளிவாகக் காட்டியது கோழி முட்டை வெண்கருவிலுள்ள லைசோசைம் என்னும் புரதத்தைக் கொண்டு செய்த பரிசோதனை. 1988 இல் அவுஸ்திரேலியாவிலே கிறிஸ்தோபர் குட்னோவும் அவர்தம் குழுவினரும், லைசோசைமுக்குப் பொருந்தும் வாங்கியையே தம் பி-கலங்களில் ஏந்திய சுண்டெலிகளை உருவாக்கினர். வேறு சில சுண்டெலிகளின் உடல் அந்த லைசோசைமையே தன் புரதமாக ஆக்கிக் குருதியிற் கரையவிடுமாறு செய்தனர். இரண்டையும் இணைத்துப் பெற்ற குட்டிகளிலே பி-கலங்கள் மடியவில்லை, உயிருடன் இருந்தன. ஆயினும் வாங்கிகளின் தொகை குறைந்து, லைசோசைமைக் கண்டும் பேசாதிருந்தன. பிறபொருளெதிரி சுரக்கவில்லை. 1991 இல் அக்குழுவினர் லைசோசைமைக் கரையவிடாமற் கலங்களின் மேற்பரப்பிலே நிலைநிறுத்தினர். அப்போது அப்பி-கலங்கள் முதிரவிடாமல் அழிக்கப்பட்டன. பூட்டும் ஒன்றே, திறப்பும் ஒன்றே. கரைந்து தனித்தனியே வந்து தொட்டால் மௌனம். மேற்பரப்பில் அணியாக நின்று பல வாங்கிகளை ஒருங்கே இழுத்தால் அழிவு. செங்குழியத்தின் வெல்லங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

மச்சையை விட்டு வெளியேறிய கலம் மண்ணீரலை அடைந்து, அங்கே இடைப்பருவத்தைக் கழித்தே முதிர்ச்சி பெறும். அங்கும் ஒரு வடிகட்டல் நிகழ்கின்றது. மனிதரில் இவ்வடிகட்டல்களை அளந்தவர்கள் 2003 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர். அவர்கள் ஒவ்வொரு கலமாகப் பிரித்தெடுத்து, அதன் வாங்கியை ஆய்கூடத்திலே பிறபொருளெதிரியாக ஆக்கிச் சோதித்தனர். மச்சையில் மிக இளம் பருவத்திலுள்ள கலங்களில் நூற்றுக்கு 55 முதல் 75 வரையானவை தன்னுடற் பொருள்களைப் பற்றுவனவாயிருந்தன. குருதியில் உலாவும் முதிர்ந்த கலங்களிலோ அது 20 அளவிற்குக் குறைந்திருந்தது. பிறப்பதிற் பாதிக்கு மேல் தன்னையே பற்றுவன என்பதும், ஐந்தில் ஒரு பங்கு கடைசிவரை தப்பிவிடுகின்றது என்பதும் இவ்வளவீட்டின் இரு பாடங்கள்.

கன்றுகளும் குழந்தைகளும்

'நமது' என்பது பிறப்பிலே எழுதப்பட்டதன்று, அப்பருவத்தில் அருகே இருந்ததே 'நமது' ஆகின்றது என்றோம். இக்கருத்துக்கு முதற் சான்று தந்தவை இரட்டைக் கன்றுகள். 1945 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் றே ஓவென் என்பவர், வெவ்வேறு கருவிலிருந்து வந்த இரட்டைக் கன்றுகள் தத்தம் குருதியில் இருவகைச் செங்குழியங்களையும் கலந்து வைத்திருப்பதைக் கண்டார். கருப்பையில் அவற்றின் சூல்வித்தகங்கள் ஒன்றிக் குருதி கலந்திருந்தது. உடன்பிறப்பின் கலங்கள் வளர்ந்த பின்பும் அழிக்கப்படாமல் வாழ்ந்தன. இதனையும் ஆதாரமாகக் கொண்டே அவுஸ்திரேலியரான மக்பார்லன் பேர்னெற் தன்னுடற் பொறுதி பற்றிய கொள்கையை வகுத்தார். அதனைப் பரிசோதனையால் நிலைநாட்டிய பீற்றர் மெடவாருடன் 1960 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மனிதரிலே இதன் சான்று கனடாவில், ரொறன்ரோ நகரின் குழந்தைகள் மருத்துவமனையிற் கிடைத்தது. இருதயம் பழுதுற்றுப் பிறந்த குழந்தைகளுக்கு மாற்றிருதயம் கிடைப்பது அரிது. குருதிப் பிரிவும் பொருந்த வேண்டுமெனக் காத்திருப்பின் பலர் இறந்துபோவர். வளர்ந்தோருக்குப் பொருந்தாப் பிரிவின் இருதயத்தை வைத்தால், அவர்களிடம் முன்னரே உள்ள பிறபொருளெதிரிகள் அவ்விருதயத்தின் குருதிக் குழாய்களில் உள்ள ஏ அல்லது பி பொருளைத் தாக்கி விரைவில் அழித்துவிடும். குழந்தைகளிடமோ அவ்வெதிரிகள் இன்னும் தோன்றவில்லை, அல்லது மிகக் குறைவு. இதனை உணர்ந்து, 1996 முதல் 2000 வரை நான்கு மணி நேரச் சிசு முதல் பதினான்கு மாதக் குழந்தை வரை பத்துப் பேருக்குப் பிரிவு பொருந்தாத இருதயம் பொருத்தப்பட்டது. லோரி வெஸ்ற் என்னும் மருத்துவரும் சகாக்களும் 2001 இல் வெளியிட்ட அறிக்கையின்படி பத்தில் எண்மர் பிழைத்தனர். இறந்த இருவரின் மரணத்துக்கும் பிரிவு வேற்றுமை காரணமாகக் கருதப்படவில்லை.

பின்பு நிகழ்ந்தது அதனினும் வியப்பானது. ஓ பிரிவுக் குழந்தை ஒன்று ஏ பிரிவு இருதயத்தைப் பெற்றதெனக் கொள்வோம். இயல்பாக வளர்ந்திருப்பின் அதனிடம் ஏ-க்கும் பி-க்கும் எதிரிகள் இரண்டும் தோன்றியிருக்கும். அக்குழந்தை வளர்ந்தபோது பி-க்கு எதிரி வழக்கம்போலத் தோன்றியது. ஏ-க்கு எதிரி தோன்றவில்லை. 2004 இல் அக்குழுவினர் ஏ-யைப் பற்றும் பி-கலங்களைத் தேடினர், அவை காணப்படவில்லை. குடலிலே பற்றீரியாக்கள் ஏ-யை ஒத்த வெல்லங்களைக் காட்டிக்கொண்டே இருந்தும், அவற்றுக்கு விடையளிக்கக் கலம் எஞ்சியிருக்கவில்லை. பரம்பரையில் அக்குழந்தை ஓ. ஆயினும் அதன் பி-கலங்களுக்கு ஏ 'நமது' ஆகிவிட்டது. நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

வேலி முறியுமிடம்

ஐந்தில் ஒரு பங்கு தப்புகின்றதெனின் நாமெல்லாம் ஏன் நோயுறவில்லை? தப்பியவற்றுட் பல தளர்வாகவே பற்றுவன. மேலும், புரதப் பொருளுக்கு எதிராகப் பி-கலம் முழுமையாகச் செயற்பட, ரி-கலம் என்னும் மற்றொரு வெண்கலத்தின் ஒப்புதலும் பெரும்பாலும் வேண்டும். ரி-கலங்கள் மார்பிலுள்ள தைமசுச் சுரப்பியிலே தமக்குரிய வேறொரு வடிகட்டலுக்கு உட்படுவன. வெல்லப் பொருள்களுக்கு எதிரான செயலிலோ இவ்வொப்புதல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆதலின் ஏ, பி விடயத்திற் பி-கலத்தின் சொந்த வடிகட்டலே முதன்மையான காவலாகின்றது.

இக்காவலிலும் குறைகள் உண்டு. மச்சையிற் காணப்படாத உறுப்புப் பொருள்கள் பல. அன்றியும் முதிர்ந்த பி-கலம் ஒரு கிருமியை எதிர்க்கும்போது, பொருத்தத்தைச் செம்மையாக்குதற்குத் தன் வாங்கியின் எழுத்துகளை மீண்டும் மாற்றுகின்றது. மச்சையிற் சோதிக்கப்படாத அப்புதிய வாங்கி தற்செயலாகத் தன்னுடலைப் பற்றலாம். அதனைக் களைய அங்கும் வழிகள் இருப்பினும், அவை எப்போதும் வெல்வதில்லை.

செங்குழியங்களையே எடுத்துக்கொள்வோம். சிலருக்கு, தம் சொந்தச் செங்குழியங்களின் புரதங்களைப் பற்றும் பிறபொருளெதிரிகள் தோன்றிவிடுகின்றன. 120 நாள் வாழவேண்டிய செங்குழியம் சில நாள்களிலே மண்ணீரலில் அழிக்கப்படும். நோயாளி வெளிறுவார், களைப்பும் மூச்சிளைப்பும் உண்டாகும், கண்கள் மஞ்சளிக்கும், மண்ணீரல் பருக்கவுங்கூடும். பிற காரணங்களால் வரும் குருதிச்சோகையிலிருந்து இதனைப் பிரித்தறிய உதவுவது, கேம்பிரிட்சில் றொபின் கூம்ஸ் தம் சகாக்கள் இருவருடன் 1945 இல் வெளியிட்ட சோதனை. நோயாளியின் செங்குழியங்களை நன்கு கழுவி, மனிதப் பிறபொருளெதிரியைப் பற்றும் வேறொரு பிறபொருளெதிரியை அவற்றுடன் சேர்ப்பர். செங்குழியங்களின் மீது எதிரி ஒட்டியிருப்பின் அவை திரளும், இல்லையேல் திரளா. லான்ட்ஸ்ரைனர் பிறர் குருதியிற் கண்ட அதே திரட்சி, இங்கே தன் குருதியில் நிகழ்கின்றது. ஆயினும் திரட்சி ஒன்றே நோயை நிலைநாட்டாது. உடல்நலமுள்ளோர் சிலரிலும், மருந்துகள் சில உட்கொண்டோரிலும் இச்சோதனை திரட்சி காட்டலாம். செங்குழியங்கள் உண்மையாகவே அழிகின்றனவா என்பதற்குரிய அடையாளங்களையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வர்.

நோயின் மருந்துகளுள் ஒன்றும் பி-கலத்தின் பருவங்களையே துணைக்கொள்கின்றது. ரிற்றுக்சிமாப் என்னும் மருந்து, பி-கலத்தின் நடுப் பருவங்களில் மட்டும் மேற்பரப்பிலுள்ள ஓர் அடையாளத்தைப் பற்றி அக்கலங்களை அழிக்கும். மூலக்கலத்தில் அவ்வடையாளம் இல்லை. ஆதலின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களிற் பி-கலங்கள் பொதுவாக மீண்டும் பிறக்கின்றன. புதிதாக வரும் ஒவ்வொரு கலமும் தன் துண்டுகளைக் குலுக்கி, பூட்டைச் செய்து, அயலவரைத் தொட்டுப் பார்த்து, திருந்தியோ மாய்ந்தோ மௌனித்தோ முதலிலிருந்தே இப்பாடத்தைப் படிக்க வேண்டும். முன்னைய கலங்கள் கற்றது அதற்கு உதவாது.